குவார்ட்டர் டர்ன் டாப்பு டைட்டா திரும்புதா, மூடினாலும் சொட்டுதா? டாப்பையே மாத்துறதுக்கு முன்னாடி இத பாருங்க

குவார்ட்டர் டர்ன் டாப்பு சொட்ட ஆரம்பிச்சா வீட்டுல எல்லாரும் செய்யுற முதல் காரியம் கைப்பிடிய இன்னும் கொஞ்சம் அழுத்தி மூடுறதுதான். பழைய காலத்து டாப்புல அது வேலை செஞ்சுது, ஏன்னா அதுல உள்ள ஒரு ரப்பர் வாஷர் இருக்கும், நீங்க எவ்வளவு முறுக்குறீங்களோ அவ்வளவு அது கீழ போய் ஓட்டைய அமுக்கும். குவார்ட்டர் டர்ன் டாப்புன்னா செராமிக் டிஸ்க் டாப்புதான், அதுல அப்படி எதுவும் கீழ இறங்குறதே இல்ல. 90 டிகிரி திரும்பினதும் உள்ள ஒரு முட்டு இருக்கு, அதுல போய் நிக்கும், அவ்வளவுதான். அதுக்கு மேல அழுத்துற அழுத்தம் எல்லாம் அந்த முட்டு மேலயும் டிஸ்க் மேலயும்தான் விழுது, சொட்டு ஒண்ணு கூட குறையாது. நல்லா இருந்த ஸ்பிண்டில் முட்டு உடைஞ்சு கைப்பிடி சுத்து சுத்துன்னு சுத்துறத நான் ரெண்டு மூணு வீட்டுல பாத்துட்டேன், அதனாலதான் இத முதல்லயே சொல்றேன். சொட்டினா அழுத்தாதீங்க, டைட்டா இருந்தா முறுக்காதீங்க.

உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும். கைப்பிடிக்குக் கீழ பித்தளையில ஒரு ஸ்பிண்டில் இருக்கும், சிலர் கார்ட்ரிட்ஜ்னு கேப்பாங்க, ரெண்டும் ஒண்ணுதான். அதோட அடிப்பக்கத்துல வெள்ளையா ரெண்டு சின்ன வில்லை, அதாவது டிஸ்க், ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி உக்காந்திருக்கும். ரெண்டுலயும் எதிர் எதிரா ரெண்டு ஓட்டை. கீழ் டிஸ்க் அசையாது, மேல் டிஸ்க் கைப்பிடியோட சேர்ந்து திரும்பும். ஓட்டையும் ஓட்டையும் நேரா வந்தா தண்ணி வரும், மேல் டிஸ்கோட முழுப் பகுதி கீழ் ஓட்டைய மறைச்சா நிக்கும். ரெண்டு முகமும் கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணி வச்சிருக்கும், அந்த வழவழப்புதான் தண்ணிய நிறுத்துது, நடுவுல வாஷரே கிடையாது. கீழ் டிஸ்குக்கு அடியில மட்டும் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், ஸ்பிண்டில டைட் பண்ணும்போது அது டாப்பு பாடிக்குள்ள இருக்கிற தளத்துல போய் அமுங்கி உக்காரும். இந்த ரப்பர ஞாபகம் வச்சுக்கோங்க, நம்ம கதையில இதுதான் வில்லன்.

தண்ணிய நிறுத்துறது

வாஷ் பேசின்னா கீழ ஆங்கிள் காக் இருக்கும், அத மூடினா போதும். சமையலறை சிங்க்ல சுவத்துலேர்ந்து நேரா வர்ற டாப்புக்கு பெரும்பாலும் ஆங்கிள் காக் இருக்காது, மொட்டை மாடி டேங்க்லேர்ந்து வர்ற லைனோட வால்வ மூடணும். வருஷக்கணக்கா தொடாத கேட் வால்வு முழுசா மூடாது, மூடின மாதிரி இருக்கும், ஆனா நூல் மாதிரி தண்ணி வந்துக்கிட்டே இருக்கும். அதனால வால்வ மூடிட்டு டாப்ப திறந்து ஒரு அஞ்சு நிமிஷம் பாருங்க, தண்ணி முழுசா நின்னா மட்டும் கழட்டுங்க. நிக்கலைன்னா அன்னைக்கு டேங்க் காலியாகுற நேரம் பாத்து வேலைய வச்சுக்கோங்க. சிங்க் ஓட்டைய ஒரு துணிய வச்சு அடைச்சிடுங்க, கைப்பிடியில இருக்கிற குட்டி ஸ்க்ரூ விழுந்து போச்சுன்னா கடையில தனியா கிடைக்காது.

எங்க சொட்டுதுன்னு முதல்ல பாருங்க

மூடின உடனே மூக்குலேர்ந்து சில சொட்டு வந்து நின்னா அது பழுது இல்ல. வளைஞ்ச நீளமான மூக்கு இருக்கிற டாப்புல உள்ள தேங்கின தண்ணி கொஞ்ச நேரம் வடியும். அதுக்கப்புறமும் சீரா சொட்டிக்கிட்டே இருந்தாத்தான் கோளாறு. மூக்குல சொட்டாம கைப்பிடிக்கு அடியிலேர்ந்து கசிஞ்சா அது வேற விஷயம், ஸ்பிண்டில் தண்டுல இருக்கிற ஓ ரிங்ங்கற சின்ன ரப்பர் வளையம் போயிருக்கும், இல்ல ஸ்பிண்டில் லூசா இருக்கும், டிஸ்க்குக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

மூக்குல சொட்டுறத எண்ணிப் பாத்துக்கோங்க, ஒரு நிமிஷத்துக்கு எத்தனைன்னு ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. சும்மா கணக்குக்காக சொல்லல, ஒவ்வொரு வேலை செஞ்ச பிறகும் திரும்ப எண்ணினாத்தான் எது பலன் குடுத்துச்சுன்னு தெரியும். சுமாரா 20 சொட்டு சேர்ந்தா 1 மில்லி, அப்ப நிமிஷத்துக்கு 50 சொட்டுன்னா ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட மூணரை லிட்டர் போகுது.

டைட்டா இருக்கு, ஆனா சொட்டல

கைப்பிடிய முதல்ல கழட்டுங்க. மேல சிவப்போ நீலமோ ஒரு மூடி இருக்கும், அத நகத்தாலயோ சின்ன ஸ்க்ரூ டிரைவராலயோ நெம்பினா உள்ள ஸ்க்ரூ தெரியும், சில மாடல்ல பின்பக்கமோ பக்கவாட்டுலயோ ஆலன் கீ போடுற குட்டி ஸ்க்ரூ இருக்கும். கைப்பிடி வந்ததும் பல்லு பல்லா ஒரு தண்டு நீட்டிக்கிட்டு நிக்கும், அத கட்டிங் பிளேயரால துணி சுத்திப் பிடிச்சு மெதுவா திருப்பிப் பாருங்க. லேசா திரும்பிச்சுன்னா கோளாறு ஸ்பிண்டில்ல இல்ல, கைப்பிடிக்கும் அந்த அலங்கார மூடிக்கும் நடுவுல உப்பு படிஞ்சு உரசுது. போர் தண்ணி வீடுகள்ல இது ரொம்ப சகஜம், வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி அப்பியிருக்கும். வினிகர்ல ஒரு துணிய நனைச்சு அரை மணி நேரம் சுத்தி வச்சு பழைய டூத் பிரஷ்ஷால தேச்சா வந்துடும், ராத்திரி முழுக்க ஊற வைக்காதீங்க, குரோம் பூச்சு மங்கிடும்.

தண்டே டைட்டா இருந்தா, தண்ணிய நிறுத்தின நிலையில, ஸ்பிண்டிலோட ஆறு பட்டை நட்ட ஸ்க்ரூ ஸ்பேனரால ஒரு கால் சுத்து மட்டும் லூஸ் பண்ணிட்டுத் திரும்பத் திருப்பிப் பாருங்க. உடனே லேசாச்சுன்னா யாரோ அத அளவுக்கு மீறி முறுக்கி வச்சிருக்காங்க, டிஸ்க் ரெண்டும் இறுகி உக்காந்திருக்கு. லூஸ் பண்ணியும் அப்படியே இருந்தா உள்ள கிரீஸ் காஞ்சு போச்சு, இல்ல உப்பு ஏறியிருக்கு. புது ஸ்பிண்டில்ல டிஸ்க் முகத்துல சிலிக்கான் கிரீஸ் மெல்லிசா தடவி அனுப்புவாங்க, வருஷம் போகப் போக அது கழுவிட்டுப் போயிடும். கீசர்லேர்ந்து வர்ற சுடு தண்ணி டாப்புன்னா இன்னும் சீக்கிரம். கிரீஸ் இல்லாத ரெண்டு வழவழப்பான முகம் ஒண்ணோட ஒண்ணு கவ்விப் பிடிச்சுக்கும், ரெண்டு கண்ணாடிய ஈரத்தோட ஒட்டி வச்சா பிரிக்க முடியாத மாதிரி. அதனால டைட்டா இருக்குங்கறதாலயே தேஞ்சு போச்சுன்னு நினைக்க வேண்டாம், நல்ல டிஸ்க்கும் கிரீஸ் இல்லைன்னா இப்படித்தான் பண்ணும்.

திருப்பும்போது கறகறன்னு சத்தம்

இது மணல். டேங்க் கழுவினதுக்கு அப்புறம், இல்ல லைன்ல வேலை பாத்ததுக்கு அப்புறம் ஆரம்பிச்சா சந்தேகமே வேண்டாம். இந்த டிஸ்க் அலுமினாவுல செஞ்சது, ரொம்ப கெட்டி, சாதாரண மணல் அதக் கீறுறது கஷ்டம், ஆனா ரெண்டு முகத்துக்கு நடுவுல ஒரு துகள் மாட்டிச்சுன்னா ரெண்டையும் தூக்கிப் பிடிச்சுக்கும், அந்த இடைவெளியில தண்ணி வரும். இந்த நிலையில போட்டு முறுக்குனா கெட்டிப் பொருள் வளையாது, ஓரம் தெறிச்சு உடையும். சத்தம் கேட்ட அன்னைக்கே கழட்டி சுத்தம் பண்ணிட்டா டிஸ்க் தப்பிச்சுக்கும்.

மூடினாலும் சொட்டுது

கழட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம் பாருங்க, கைப்பிடி உண்மையாவே 90 டிகிரி திரும்புதா? யாராவது முன்னாடி கைப்பிடிய கழட்டி ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தா கைப்பிடி சுவத்துலயோ டாப்பு பாடியிலயோ முட்டி நின்னுடும், உள்ள டிஸ்க் இன்னும் கொஞ்சம் திறந்தேதான் இருக்கும். கைப்பிடிய எடுத்துட்டு வெறும் தண்டத் திருப்பினா இன்னும் கொஞ்சம் போய் தண்ணி நின்னுச்சுன்னா இதுதான் காரணம், கைப்பிடிய சரியான பல்லுல மாட்டினா வேலை முடிஞ்சுது, காசு செலவே இல்ல.

அப்படி இல்லைன்னா ஸ்பிண்டில வெளிய எடுக்கணும். தாம்பரம் பக்கத்துல எங்க அத்தை வீட்டு சிங்க் டாப்புல நான் பாத்தத அப்படியே சொல்றேன், இதுல கிட்டத்தட்ட எல்லாமே வந்துடும்.

வாங்கி நாலு வருஷம் இருக்கும், முழுக்க போர் தண்ணி. ஒரு மாசமா டைட்டா இருந்துச்சாம், டேங்க் கழுவினதுக்கு அப்புறம் சொட்ட ஆரம்பிச்சிருக்கு. அத்தைக்கு மணிக்கட்டு வலி வேற, ரெண்டு கையாலயும் பிடிச்சு மூடுவாங்க. "புதுசே வாங்கி மாட்டிடுங்க மாப்ள, எதுக்கு இதோட மல்லுக்கட்டிக்கிட்டு"ன்னு சொன்னாங்க. பாத்துட்டு வாங்கிக்கலாம் அத்தைன்னு சொல்லிட்டு உக்காந்தேன். எண்ணினேன், நிமிஷத்துக்கு 50 சொட்டு.

ஸ்பிண்டில கழட்டி வெளிய எடுத்து வெள்ளைத் துணி மேல வச்சு, முதல்ல போட்டோ எடுத்துக்கிட்டேன், அப்புறம் அடி ரப்பர எடுத்தேன், கீழ் டிஸ்க் தானா கையில விழுந்துச்சு, மேல் டிஸ்க்க தண்டப் பிடிச்சு லேசா ஆட்டினதும் வந்துச்சு. எந்த முகம் எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சுன்னு கண்டிப்பா பாத்து வச்சுக்கணும், பாலிஷ் பண்ணின ரெண்டு முகமும் ஒண்ண ஒண்ணு பாத்துத்தான் திரும்ப உக்காரணும். டிஸ்க் முகத்துல பழுப்பா ஒரு துகள், கடுகுல கால்வாசி கூட இருக்காது, ஓட்டை ஓரத்துல ஒட்டியிருந்துச்சு. சுத்தி மெல்லிசா வெள்ளைப் படலம், விரல் நகத்தால இழுத்தா சொரசொரப்பா இருந்துச்சு. வினிகர்ல டிஸ்க் ரெண்டையும் பத்து பதினஞ்சு நிமிஷம் போட்டேன், குமிழி விட்டுச்சு, துணியால துடைச்சதும் பளபளன்னு ஆயிடுச்சு. உப்புத்தாள், கம்பி நார், பிளேடு எதுவும் டிஸ்க் மேல வைக்கக் கூடாது, அந்த வழவழப்பு போச்சுன்னா டிஸ்க்கே போச்சு. விளக்கு வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தேன், கீறல் இல்ல, விரிசல் இல்ல.

ரெண்டு முகத்துலயும் சிலிக்கான் கிரீஸ், ஒரு அரிசி அளவு எடுத்து விரலால தேச்சேன், அவ்வளவு போதும், அப்பினா ஓட்டையில தள்ளிக்கிட்டு வரும். தண்டுல இருக்கிற ஓ ரிங்குக்கும் கொஞ்சம் தொட்டேன். இங்க ஒரு விஷயம், வீட்டுல இருக்குதேன்னு தேங்காய் எண்ணெய், வாஸ்லின், வண்டி கிரீஸ் எதுவும் போடாதீங்க, சில ரப்பர் வகை அதுல ஊறி உப்பிடும், அப்புறம் முன்ன விட டைட்டாகும், குடிக்கிற தண்ணி வேற. தண்ணி டாப்புக்கான சிலிக்கான் கிரீஸ்னு ஹார்டுவேர் கடையில கேளுங்க.

திரும்பச் சேர்த்ததும் மாட்டுறதுக்கு முன்னாடி அடிப்பக்கத்த கண்ணுக்கு நேரா பிடிச்சு தண்டத் திருப்பிப் பாருங்க. திறந்த நிலையில ரெண்டு ஓட்டையும் முழுசா தெரியணும், மூடின நிலையில ஓட்டை வழியா மேல் டிஸ்க்கோட வெள்ளை மட்டும் தெரியணும், பிறை மாதிரி மெல்லிசா ஒரு இருட்டு தெரிஞ்சா கூட சரியா உக்காரல. திருப்புற திசையே மாறிப் போயிருந்தா மேல் டிஸ்க்க 90 டிகிரி தள்ளி வச்சிட்டீங்கன்னு அர்த்தம், எடுத்து மாத்தி வைங்க.

இன்னொன்னு, ஸ்பிண்டில் வெளிய இருக்கும்போதே ஒரு பக்கெட்ட பிடிச்சுக்கிட்டு, வேற ஒருத்தர விட்டு மேல வால்வ ரெண்டு மூணு செகண்ட் கொஞ்சமா திறக்கச் சொல்லுங்க. பைப்புக்குள்ள நிக்கிற மணல் வெளிய வந்துடும். இதச் செய்யாம மாட்டினா அதே மணல் முதல் நிமிஷத்துலயே புது கிரீஸ்ல போய் ஒட்டிக்கும். எங்களுக்கு பழுப்பு கலர்ல ஒரு வாய்த் தண்ணி வந்துச்சு.

மாட்டித் திறந்தோம். கைப்பிடி ஒரு விரலால திரும்புது, அத்தை முகத்துல அவ்வளவு சந்தோஷம். ஆனா சொட்டு நிக்கல, எண்ணினா நிமிஷத்துக்கு 7. அம்பதுலேர்ந்து ஏழு, நல்ல முன்னேற்றம்தான், ஆனா சரியாகல. அப்ப தண்ணி டிஸ்க் நடுவுல வரல, டிஸ்க்க சுத்தி வேற வழியா வருது. வேற வழின்னா ஒண்ணு அடி ரப்பர், இல்ல அந்த ரப்பர் உக்கார்ற பாடித் தளம். பாடித் தளம் அரிச்சிருந்தா ஸ்பிண்டில் மாத்தி புண்ணியம் இல்ல, டாப்பையே மாத்தணும். ரெண்டுல எதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

பின்பக்கம் துணி துவைக்கிற இடத்துல அதே கம்பெனி அதே மாடல் டாப்பு ஒண்ணு இருந்துச்சு, சொட்டாத டாப்பு. ரெண்டு ஸ்பிண்டிலயும் இடம் மாத்திப் போட்டேன். சிங்க் சுத்தமா நின்னுச்சு, பின்பக்க டாப்பு சொட்ட ஆரம்பிச்சுது. கோளாறு ஸ்பிண்டிலோடவே நடந்து போச்சு, அப்ப சிங்க் டாப்போட பாடி நல்லா இருக்கு. ஒரு பைசா செலவில்லாம இவ்வளவு தெளிவா சொல்ற சோதனை வேற இல்ல, ஒரே மாடல் ரெண்டு இருந்தா இதத்தான் முதல்ல பண்ணணும்னு எனக்கு அன்னைக்குத்தான் தோணுச்சு. சூடு, குளிர் ஜோடியா இருந்தா மட்டும் ஒண்ணு வலது பக்கம் மூடும், ஒண்ணு இடது பக்கம் மூடும், அது இந்தச் சோதனைக்கு ஒத்து வராது.

ரெண்டு ஸ்பிண்டிலயும் பக்கத்துல வச்சு அடிப்பக்கத்த பக்கவாட்டுல பாத்தேன். நல்லதுல ரப்பர் பித்தளை விளிம்ப விட கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. சொட்டுறதுல விளிம்போட விளிம்பா தட்டையா போயிருந்துச்சு, நகத்தால அழுத்தினா அந்த குழி திரும்ப எழும்பல. வெளிய நீட்டினாத்தான் பாடித் தளத்துல அமுங்கும், நீட்டலைன்னா பித்தளை போய் பித்தளையில முட்டிக்கும், ரப்பர் சும்மா தொட்டுக்கிட்டு நிக்கும், அந்த சந்துலதான் நிமிஷத்துக்கு ஏழு சொட்டு. ரப்பர் மட்டும் தனியா எங்க ஏரியாவுல கிடைக்கல, முழு ஸ்பிண்டிலா வாங்கினேன்.

அதுலயும் ஒரு தடவை அலைஞ்சேன். முதல்ல கடைக்காரர் குடுத்தது வெளிய பாக்க அச்சு அசலா அதே மாதிரி, வீட்டுக்கு வந்து பாத்தா கைப்பிடி ஏறல. பழசுல 24 பல்லு, புதுசுல 20. அதனால பழச கையில எடுத்துக்கிட்டுப் போங்க, முடிஞ்சா கைப்பிடியையும் சேர்த்து. கடையிலயே பல்லுல கைப்பிடி உக்காருதா, மரை அளவு ஒண்ணா, நீளம் ஒண்ணா, மூடுற திசை ஒண்ணா, இந்த நாலையும் பாத்துடுங்க. நீளம் குறைஞ்சா அடி ரப்பர் தளத்த எட்டாது, புது ஸ்பிண்டில் போட்டும் சொட்டுதுன்னு திரும்ப வர்றவங்க நிறைய பேருக்கு இதுதான் நடந்திருக்கும்.

மாட்டும்போது டாப்பு பாடிக்குள்ள விரல விட்டு தளத்தத் தடவிப் பாருங்க, உப்போ பழைய ரப்பர் துணுக்கோ ஒட்டியிருந்தா துணியால சுத்தம் பண்ணுங்க. தளத்துல பள்ளமோ வெட்டோ விரலுக்குத் தட்டுச்சுன்னா அங்க நிறுத்திடுங்க, அந்த டாப்பு இனி நிக்காது. ஸ்பிண்டில கையாலயே முழுசா ஏத்தி, மரை குறுக்க ஏறலைன்னு உறுதி பண்ணிட்டு, ஸ்பேனரால ரப்பர் அமுங்குற அளவு, சும்மா ஒரு கால் சுத்துக்குக் கிட்ட டைட் பண்ணுங்க. டைட் பண்ணினதும் தண்டத் திருப்பிப் பாருங்க, முன்ன விட கனமா இருந்தா ரொம்ப முறுக்கிட்டீங்க, கொஞ்சம் பின்னால விடுங்க. இந்த மரைக்கு டெஃப்லான் டேப் சுத்த வேண்டாம், தண்ணிய நிறுத்துறது அடி ரப்பர்தான், டேப் சுத்தினா ஸ்பிண்டில் முழுசா கீழ இறங்காது.

அப்புறம் டாப்ப திறந்து வச்சுட்டு, மூக்கு ஜல்லடைய கழட்டிட்டு, மேல வால்வ மெதுவா திறக்கச் சொல்லுங்க. ஒரு நிமிஷம் ஓட விட்டு அப்புறம் மூடுங்க. அத்தை வீட்டுல மூடி பத்து நிமிஷம் கழிச்சு டம்ளர் வச்சு உக்காந்து பாத்தேன், ஒரு சொட்டு விழல. பின்பக்க டாப்புல அதோட ஸ்பிண்டிலயே திரும்பப் போட்டாச்சு. பழைய ஸ்பிண்டில தூக்கிப் போடல, டிஸ்க் ரெண்டும் நல்லா இருக்கு, ஒரு டப்பாவுல போட்டு சிங்க்குக்கு அடியிலயே வச்சிருக்கேன், அந்த அளவுக்கு ரப்பர் எங்கயாவது கிடைச்சா போட்டுக்கலாம்.